மொட்டைக்குப் பின் முளைக்கும் தாடி

தைப்பூசம் கழிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டால், கொடைக்கானலில் எந்தத் தெருவில் நின்றாலும் கம்பளிக் குல்லாவுக்குள் ஒரு மொட்டைத் தலை தட்டுப்படும். பாதயாத்திரை போனவர்கள், காவடி எடுத்தவர்கள், அக்காவுக்குக் குழந்தை பிறக்க வேண்டிக்கொண்டவர்கள் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். மலையை விட்டு இறங்கினால் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பழனி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நேர்த்திக்கடன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முடிதான். அடிவாரத்தில் முடி எடுக்கும் மண்டபத்தில் உட்கார்ந்தால் தலையோடு தாடி மீசையையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. தலையில் சந்தனம் பூசி, படியேறி, முருகனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது முகம் சிறுபிள்ளை முகம்போல் இருக்கும்.

மூஞ்சிக்கல் பக்கம் சலூன் நடத்தி, இப்போது மகனிடம் விட்டுவிட்டு, வாசல் பெஞ்சில் பேப்பர் படிக்கிற கிழவன் நான். அந்த மொட்டைப் பையன்கள் மார்ச் மாதத்தில் எங்கள் கடைக்கு வருவார்கள். தலைமுடியைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை, அது தானாக வந்துவிடும் என்று தெரியும். கவலை எல்லாம் தாடியைப் பற்றித்தான். “தாத்தா, மீசை வருது, மோவாய்ல வருது, கன்னத்துல மட்டும் திட்டுத் திட்டா நிக்குது. என்ன செய்ய?”

என் வாலிபத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அப்போது தாடி வைத்தவன் ஒன்று சாமியார், அல்லது காதலில் தோற்றவன், அல்லது வீட்டில் துக்கம் நடந்தவன். மனைவி உண்டாகியிருந்தால் குழந்தை பிறக்கும்வரை சவரம் செய்யாதவர்களும் உண்டு. அந்தத் தாடிகளுக்கு அழகு எதிர்பார்க்கப்படவில்லை, அவை பாட்டுக்கு வளர்ந்தன. இன்றைக்குப் பெண் பார்க்கப் போகிறவனே தாடியோடுதான் போகிறான். ஆனால் அந்தக் காலத்துத் தாடிகளைப் பார்த்ததில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. மாதக் கணக்கில் கத்தி படாமல் ஒரு முகத்தில் முடி எப்படி நிரம்புகிறது, எந்த இடம் கடைசிவரை நிரம்பாமலே நிற்கிறது என்பதை அவற்றில்தான் கண்டேன்.

முதலில் ஒரு நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். சிரைக்கச் சிரைக்க முடி கனமாகும் என்று இன்னமும் சொல்கிறார்கள். குழந்தைக்கு மொட்டை போடும்போதும் பாட்டிகள் இதைத்தான் சொல்வார்கள். வேண்டுதல் வேறு, இது வேறு. 1928-லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் விஞ்ஞானி, ஆண்களின் முகத்தில் சிரைத்த முடியை அளந்து பார்த்து, சவரம் முடியின் வேகத்தையும் தடிமனையும் மாற்றுவதில்லை என்று எழுதிவிட்டார். முடியின் நுனி இயல்பில் கூராக இருக்கும். கத்தி அதைக் குறுக்கே வெட்டுவதால் முளைத்து வரும்போது மொட்டையான நுனி தடித்ததுபோல் கைக்குப் படுகிறது, அவ்வளவுதான். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்திக்கு அங்கே வேலையில்லை. தாடி அடர்த்தியை முடிவு செய்வது பரம்பரையும், ஆண் ஹார்மோனுக்கு அந்த வேர்கள் எவ்வளவு இணங்குகின்றன என்பதும்தான். இருபது வயதில் பூனைமுடியாக இருக்கும் கன்னம் முப்பதை நெருங்கும்போது கறுத்து நிரம்புவதும் உண்டு. அதனால்தான் இருபத்திரண்டு வயதுப் பையனிடம் ‘உனக்குத் தாடி வராது’ என்று நான் சொல்வதில்லை. ‘இப்போதைக்கு இருக்கிறதை வைத்துப் பார்ப்போம்’ என்பேன்.

மொட்டை அடித்ததால் தாடி அடர்த்தியாகாது என்றாலும், வேறொரு வசதி கிடைக்கிறது. முகம் முழுவதும் ஒரே நாளில் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. கன்னத்தில் ஒரு வாரம், மோவாயில் மூன்று வாரம் என்று கலந்து கிடக்கும் தாடியில் எது மெலிவு, எது வெறும் குட்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழனியிலிருந்து வந்தவன் முகத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நாலு வாரம் கழித்து எங்கே குறைகிறதோ, அங்கேதான் உண்மையில் குறைச்சல்.

எங்கள் தெருவிலேயே ஜீப் ஓட்டும் பையன் ஒருவன், தூண் பாறைக்கும் பூம்பாறைக்கும் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகிறவன், தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தான். தங்கச்சிக்குப் பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கிறபோது முகம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் முகத்தை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அதே அமைப்புதான்.

நாலு வாரம் எதையும் தொடாதே என்றேன். தாடி முடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இரண்டாவது வாரத்தில் அரிப்பு வரும், கன்னம் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும், வீட்டில் பெண்கள் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலான பையன்கள் அந்த வாரத்தில்தான் வழித்துவிட்டு, ‘எனக்குத் தாடி வராது’ என்று முடிவு கட்டுகிறார்கள். எல்லா வேரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. சில வேர்கள் ஓய்வில் இருக்கும், அவை முளைத்துச் சேர நாள் ஆகும். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான்.

நாலு வாரம் கழித்து ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தேன். சலூன் விளக்கு மேலேயிருந்து அடிக்கும், அதில் எந்தத் தாடியும் ஓட்டை ஓட்டையாகத்தான் தெரியும். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். மீசை நன்றாக இருந்தது. மோவாயில் அடர்த்தி. தாடை எலும்பின் ஓரத்தில் சுமாரான அடர்த்தி. இரண்டு கன்னங்களிலும் மெலிவு. வலது தாடையில், வாயோரத்திலிருந்து காதுப் பக்கம் போகும் வழியில், பழைய எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வெற்றிடம். மீசை நுனிக்கும் மோவாய்க்கும் நடுவில் இணைப்பு இல்லை. கழுத்திலோ, கேட்கவே வேண்டாம், காடு.

இந்தக் கழுத்துதான் ஏமாற்றுகிற இடம். மெலிந்த தாடிக்காரனுக்குக் கழுத்தில் மட்டும் முடி செழிப்பாக இருக்கும், ‘இருக்கிறதே கொஞ்சம், இதையும் எடுப்பானேன்’ என்று விட்டுவிடுவான். அப்போது முடியின் கனம் எல்லாம் தாடைக்குக் கீழே தொங்கி, மேலே வெளுத்த கன்னம், கீழே கறுத்த கழுத்து என்று ஆகி, தாடை எலும்பு இருக்கிற இடமே தெரியாது. இன்னொரு வகையான ஆள் இதற்கு நேரெதிராக, சுத்தமாக வேண்டும் என்று தாடை எலும்பின் மேலேயே கோடு போட்டுவிடுவான். அதுவும் தப்பு. எலும்புக்கு அடியில் முடி கொஞ்சம் இருந்தால்தான் அங்கே ஒரு நிழல் விழும், அந்த நிழல்தான் தாடையை எடுத்துக் காட்டுகிறது. கோட்டை எலும்புக்கு ஏற்றினால் நிழல் போய்விடும், முகம் கழுத்தோடு வழிந்து, இல்லாத இரட்டை மோவாய்கூட இருப்பதுபோல் தோன்றும்.

கோடு விழ வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியை நேராகப் பார்க்க வேண்டும். குரல்வளை மேட்டுக்கு மேல் இரண்டு விரலைப் படுக்கையாக வைத்தால், மேல் விரலின் விளிம்புதான் நடுப்புள்ளி. அங்கிருந்து இரு பக்கமும் வளைந்து, தாடை மூலையைச் சுற்றி, காது மடலின் பின்பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். சந்தேகம் இருந்தால் மோவாயை நெஞ்சுப் பக்கம் லேசாகத் தாழ்த்திப் பார்க்கலாம். கழுத்தும் மோவாய் அடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். கோடு அதை ஒட்டியேதான் வரும். நேராகப் பார்த்தபடியே புள்ளியைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டே கோடு போட்டால் கழுத்துத் தோல் இழுபட்டிருக்கும், தலையை இறக்கியதும் கோடு நினைத்த இடத்தில் இருக்காது. வீட்டில் செய்துகொள்கிறவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை எல்லாம் வழித்துவிடலாம். அந்தப் பையனுக்கு அதை மட்டும் எடுத்தவுடனேயே தாடி பாதி சரியாகிவிட்டது. மேலே ஒரு முடியும் புதிதாக வரவில்லை, இருந்ததுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்தது நீளம். தாடி முழுவதையும் ஒரே நீளத்தில் வெட்டினால் அடர்ந்த இடம் கறுப்பாகவும் மெலிந்த இடம் வெளுப்பாகவும் நிற்கும். அந்த வித்தியாசம்தான் திட்டுத் திட்டாகக் கண்ணில் படுகிறது. மெலிந்த இடத்தில் முடியைக் கூட்ட நம்மால் முடியாது, ஆனால் இடத்துக்கு இடம் நீளத்தை மாற்றி அந்த வித்தியாசத்தை மழுங்கடிக்கலாம். சலூன் மெஷினில் மாட்டும் சீப்புகளில் நம்பர் ஒன்று என்றால் மூன்று மில்லிமீட்டர், இரண்டு என்றால் ஆறு, மூன்று என்றால் ஒன்பது பத்து. வீட்டு டிரிம்மரில் மில்லிமீட்டரே போட்டிருக்கும். இவனுக்குக் கன்னத்தை மூன்றுக்கு இறக்கினேன். மெலிந்த முடி நீளமாக இருந்தால் ஒவ்வொன்றாகத் தனித்து நின்று தன் எண்ணிக்கையைக் காட்டிக்கொடுக்கும். குட்டையாக இருந்தால் பொதுவாக ஒரு கருநிழலாகத் தெரியும். தாடை எலும்பின் ஓரத்தில் ஆறு. மோவாயில் ஒன்பது, ஏனென்றால் அவனுக்கு முகம் வட்டம், கீழே கொஞ்சம் நீளம் வேண்டும். நீள முகக்காரனுக்கு மோவாயிலும் ஆறே போதும். காதோரக் கிருதாவை மறுபடியும் மூன்றுக்கும் கீழே இறக்கி, தலையில் அப்போதுதான் முளைத்திருந்த முடியோடு சேர்த்துவிட்டேன். கழுத்துக் கோட்டுக்கும் எலும்புக்கும் நடுவில், கீழே மூன்றில் தொடங்கி மேலே ஆறில் போய்ச் சேரும்படி படிப்படியாக ஏற்றினேன். ஒரு நீளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் படிக்கட்டு தெரியக் கூடாது. நடு அளவு ஒன்றை, நாலோ ஐந்தோ, வைத்து அந்த எல்லையை ஒரு முறை தடவிவிட வேண்டும். எப்போதும் பெரிய நம்பரில் தொடங்கிச் சிறிதுக்கு இறங்க வேண்டும். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது, அதற்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

வலது தாடையில் இருந்த அந்த வெற்றிடத்துக்கு வேறு கணக்கு. கன்னத்து முடி கீழ்நோக்கி வளரும். ஆகவே வெற்றிடத்தை மூடக்கூடிய முடி அதற்கு மேலே இருப்பதுதான், கீழே இருப்பதல்ல. கழுத்து முடி பலருக்கு மேல்நோக்கியோ சுழித்தோ வளரும், அதை நம்பிப் பயனில்லை. அந்த ஒரு இடத்துக்கு மேல் விரலகலப் பட்டையை மட்டும் மூன்றுக்கு இறக்காமல் ஒன்பதில் விட்டு, கீழே சீவிவிட்டேன். அது வெற்றிடத்தின் மேல் படிந்துகொண்டது. இடது பக்கம் வெற்றிடம் இல்லையென்றாலும் அங்கேயும் கொஞ்சம் நீளம் விட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் முகம் ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் ஆகிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது முகம் முழுவதும் மூன்றில் வைத்துக்கொள்வதோ, மீசையும் மோவாயும் மட்டும் விட்டுக் கன்னத்தை வழித்துவிடுவதோதான் கௌரவமாக இருக்கும்.

கன்னத்தின் மேல்விளிம்பில் கத்தியால் கோடு போடச் சொல்லிக் கெஞ்சினான். சினிமாவில் பார்த்திருக்கிறான். நான் மறுத்துவிட்டேன். வேலி போட்ட பிறகுதான் மனை எவ்வளவு காலி என்று கண்ணுக்குத் தெரியும். அடர்ந்த கன்னத்துக்கு அந்தக் கோடு அழகு. மெலிந்த கன்னத்தில் உள்ளே இருக்கும் வெறுமையைத்தான் அது காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குக் கீழே தனியாக நிற்கும் நாலைந்து முடியை மட்டும் எடுத்துவிட்டு, விளிம்பை அதன்போக்கில் விட்டேன். மீசைக்கும் மோவாய்க்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் மூட முயலவில்லை. மீசை நுனியைச் சற்றுக் கீழே இறங்கவிட்டேன். இடைவெளி குறைந்ததுபோல் தெரிந்தது, அதற்குமேல் அதை வற்புறுத்தினால் எலிவால் மாதிரி நாலு முடி தொங்கும்.

ஈரத் தாடியில் மெஷினை வைக்கவே கூடாது. நனைந்த முடி நீண்டு, கற்றைகளாகச் சேர்ந்து, இல்லாத ஓட்டைகளைக் காட்டும். காய்ந்ததும் அளவு மாறிப்போகும். எங்கள் ஊரில் பனியில் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவன் தாடியே ஈரமாகத்தான் இருக்கும். துடைத்து, காயவைத்து, முடி போகும் திசையில் சீவி, பிறகுதான் தொடங்க வேண்டும்.

இந்த மலைக்காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை தோல் வறண்டு, தாடிக்குள் பொடுகுபோல் செதில் உதிரும். மெலிந்த தாடியில் அது அப்படியே வெளியே தெரியும், சொறியச் சொறிய முடியும் முறியும். வாரத்தில் இரண்டு மூன்று முறை தலைக்குப் போடும் ஷாம்பூவைக் கொஞ்சமாகத் தாடிக்கும் போட்டு அலசி, காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கொடைக்கானலில் அது வருஷத்தில் பெரும்பாலும் கட்டியாகத்தான் இருக்கிறது. பட்டாணி அளவு கட்டியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, தோலில் படும்படி தடவ வேண்டும். அதற்குமேல் வேண்டாம். எண்ணெய் கூடினால் முடி பிசுபிசுத்துக் கற்றையாகி நடுவில் தோல் பளபளக்கும். அடர்ந்த தாடிக்காரன் வழிய வழியத் தடவலாம், நமக்கு அந்த வசதி இல்லை.

முடி வளர்க்கிறேன் என்று முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இங்கே கடைக்குக் கடை யூகலிப்டஸ் தைலம் விற்கிறது. சளிக்கு ஆவி பிடிக்க நல்லது. அதை நேரடியாகக் கன்னத்தில் தேய்த்தால் தோல் சிவந்து எரியும், முடி முளைக்காது. அடுத்தது பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மலைப்பூண்டு காரத்துக்குப் பெயர்போனது. பூம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் பச்சைப் பூண்டை நசுக்கித் தாடையில் வைத்துத் துணி கட்டித் தூங்கியிருக்கிறான். காலையில் கொப்புளம். வெந்த தோலில் தழும்பு விழுந்தால் அங்கே இருந்த முடியும் போய்விடும்.

அந்தப் பையனுக்கு இருந்தது பிறவி மெலிவு அல்ல, புழுவெட்டு. இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. பிறவியிலேயே மெலிந்த இடத்தில் விரலை வைத்தால் பூனைமுடி தட்டுப்படும், ஓரம் மெல்ல மெல்லக் கலைந்து அடர்த்தியில் சேரும். புழுவெட்டோ நேற்றுவரை முடி இருந்த இடத்தில் திடீரென்று வட்டமாக விழும், தோல் வழவழவென்று இருக்கும், ஓரத்தில் அடி மெலிந்து முறிந்த குட்டை முடிகள் நிற்கும். பெயரில்தான் புழு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது அது. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும், சில நேரம் முதலில் வெள்ளையாக. வட்டம் பெரிதானாலோ, இரண்டு மூன்றாகப் பெருகினாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர்கள் அந்த இடத்தில் சிறு ஊசி போடுவார்கள். செதிலும் அரிப்பும் சீழும் சேர்ந்து இருந்தால் அது படர்தாமரை வகையாக இருக்கலாம், மாடு கன்றோடு புழங்குகிறவர்களுக்குத் தாடியில் வருவதுண்டு. அந்த முகத்தில் சலூன் கத்தி படவே கூடாது. நானாக இருந்தால் துண்டைப் போடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவேன்.

முடி வளர்க்கும் மருந்து என்று மினாக்சிடில் வாங்கித் தடவுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது தலைக்கென்று வந்த மருந்து. முகத்துக்கு மருத்துவர் பார்த்துச் சொன்னால் சரி, பலன் தெரிய மாதக் கணக்காகும். பங்குனிக் கல்யாணத்துக்கு மாசியில் தொடங்கிப் பயனில்லை.

ஜீப் பையனுக்கு முதல் வெட்டு நாலாவது வாரத்தில். அதன்பிறகு கன்னத்தையும் கழுத்துக் கோட்டையும் அஞ்சாறு நாளுக்கு ஒரு முறை சரிசெய்துகொண்டால் போதும் என்றேன். மூன்று மில்லிமீட்டர் கன்னம் ஒரு வாரத்தில் ஐந்தைத் தாண்டிவிடும், அப்போது மெலிவு மறுபடி கண்ணில் பட ஆரம்பிக்கும். தாடை ஓரத்தையும் மோவாயையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொட்டால் போதும். கறுப்புச் சாயம் போட்டால் இன்னும் அடர்த்தியாகத் தெரியுமே என்று கேட்டான். தெரியும்தான், தோலையும் சேர்த்துக் கறுப்பாக்கினால் எதுதான் தெரியாது. முகத்தோல் சாயத்துக்குச் சட்டென்று கோபித்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போடு, கல்யாண வாரத்தில் முதல் முறையாகப் போடாதே என்றேன். பயந்துவிட்டான், போடவில்லை.

கடைசி வெட்டை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்று காலையில் வழித்தால் கழுத்தில் சிவப்புப் பொட்டுகள் வரும், கேமரா விளக்குக்கு அவைதான் முதலில் தெரியும். இரண்டு நாள் விட்டால் கோட்டின் கூர்மை மழுங்கி, வெட்டியதே தெரியாமல் முகத்தோடு சேர்ந்துவிடும். அவன் சொன்னபடி வந்து வெட்டிக்கொண்டு போனான். முகூர்த்தத்தன்று காலையில் அவன் மாமா ஒருவர் பிளேடோடு வந்து நின்றாராம், கன்னத்தில் கோடு போட்டுவிடுகிறேன் என்று.

“தாத்தா திட்டுவாருன்னு சொல்லிட்டேன்,” என்றான்.